குழாயை எடுப்பதும் ஊசி போடுவதும்

ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்தை டாக்டர் பக்கத்து அறைக்குக் கூப்பிடுகிறார். “எங்களால முடிஞ்சதெல்லாம் பார்த்துட்டோம். இப்ப மெஷின்தான் ஓட்டிக்கிட்டிருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போகலாம்.” மூத்த மகன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்வதாக அதில் அச்சடித்திருக்கிறது. ஆம்புலன்ஸில் ஒருவர் ஆம்பு பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தபடியே வருகிறார். வீட்டில் கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். உறவினர் எல்லாரும் வந்து பார்த்தபின் தொண்டைக் குழாய் அகற்றப்படுகிறது.

தமிழ்நாட்டில் பலருக்கும் பழக்கமான காட்சி இது. யோசனை சொன்னவர் டாக்டர். ஆனால் ஆலோசனையை மீறியதாகக் கையெழுத்திட்டது குடும்பம். குழாயை மருத்துவமனைக்குள் எடுத்தால் கொலைக் குற்றம் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஏறிக்கொண்டே போகும் பில் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே, மூச்சுத் திணறலுக்கு ஒரு துளி மார்ஃபின்கூடக் கிடைக்காமல் நோயாளி வீட்டில் இறந்துபோகிறார்.

இப்படிச் சுற்றிப் போகத் தேவையில்லாத ஒரு சட்ட வழி 2018 முதல் இந்தியாவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, ‘கருணைக்கொலை’ என்ற ஒரே பெயரின் கீழ் நாம் போட்டு வைத்திருக்கும் சில வேறுபட்ட செயல்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தீராத நோயால் துன்பப்படும் ஒருவருக்கு, அவர் உயிர் போக வேண்டும் என்ற நோக்கத்தோடு மருத்துவர் மருந்து செலுத்துவது நேரடிக் கருணைக்கொலை. ஆங்கிலத்தில் ஆக்டிவ் யூதனேசியா என்கிறார்கள். இங்கே உயிரை எடுப்பது மருந்து. நோய் அன்றைக்கு அவரைக் கொன்றிருக்காது. நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டும் 2002இல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தன. கனடாவில் 2016இல் வந்தது. நெதர்லாந்தில்கூட நோயாளி கேட்டவுடன் நடந்துவிடாது. கோரிக்கை அவருடைய சொந்த விருப்பமாக, நன்றாக யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். துன்பம் தாங்க முடியாததாகவும், குறைய வாய்ப்பில்லாததாகவும் இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத இன்னொரு மருத்துவர் நேரில் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு மறுஆய்வுக் குழு அந்தச் சாவைத் திருப்பிப் பார்க்கும்.

இதையொட்டி இன்னொன்று இருக்கிறது. மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுப்பார், குடிப்பது நோயாளியே. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருப்பது இதுதான். அங்கே மருத்துவர் ஊசி போட்டால் குற்றம்.

இந்தியாவில் இந்த இரண்டுக்குமே அனுமதியில்லை. நோயாளி கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் ஊசி போட்டேன் என்று ஒரு மருத்துவர் சொன்னால், குற்றத்தின் தரம் கொலையிலிருந்து ஒரு படி இறங்கலாம். குற்றம் இல்லாமல் போகாது. மருந்தைக் கையில் கொடுத்து உதவினால் அது தற்கொலைக்கு உடந்தை.

மறைமுகக் கருணைக்கொலை, அதாவது பாசிவ் யூதனேசியா, வேறு தடத்தில் போகிறது. சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும், தொடங்கியதை நிறுத்துவதும் இதில் அடங்கும். வென்டிலேட்டர், டயாலிசிஸ், இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்துகள், இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்தி மீட்கும் முயற்சி ஆகியவை இந்த வகைச் சிகிச்சைகள். இங்கே உயிரை எடுப்பது நோய். மருத்துவர் அதன் வழியிலிருந்து விலகி நிற்கிறார் என்பது சட்டத்தின் பார்வை.

அப்படி விலகினால் சாவு உறுதி என்றும் இல்லை. 1975இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் காரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவு திரும்பாத நிலைக்குப் போய்விட்டார். வென்டிலேட்டரை எடுக்க வேண்டும் என்று பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1976இல் அனுமதி கிடைத்தது. வென்டிலேட்டரைப் படிப்படியாக விலக்கினார்கள். காரன் தானாக மூச்சு விட்டார். நினைவு திரும்பவில்லை, ஆனால் 1985 வரை உயிரோடு இருந்தார். உணவுக் குழாயை எடுக்கும்படி பெற்றோர் கேட்கவே இல்லை. ஊசி போட்டால் இப்படி ஒரு முடிவுக்கு இடமில்லை. நேரடி, மறைமுகம் என்று பிரிப்பதில் பொருள் இருக்கிறது என்பவர்களுக்கு இந்த வழக்கு நல்ல சான்று.

அந்தப் பிரிவே பொய் என்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய சிறு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. சொத்துக்காகச் சிறுவன் ஒருவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான் ஒருத்தன். இன்னொருவன் அதே நோக்கத்தோடு உள்ளே போகிறான். சிறுவன் தானே வழுக்கி விழுந்து தண்ணீரில் மூழ்குகிறான். இவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்கிறான். இருவரில் யார் நல்லவன் என்று கேட்டார் ரேச்சல்ஸ். சாக விடுவதும் சாகடிப்பதும் அறத்தில் ஒன்றென்றால், சிகிச்சையை நிறுத்தி நாள்கணக்கில் மூச்சுத் திணற விடுவதைவிட ஊசி போடுவது இரக்கமானது ஆகாதா என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பின் பதில் வேறு. தொட்டியருகே நின்றவனுக்குச் சிறுவனைக் காப்பாற்றும் வழி இருந்தது. வென்டிலேட்டருக்கு அருகில் நிற்கும் மருத்துவருக்கு அது இல்லை. தவிர, கொல்லும் அதிகாரத்தை ஒரு தொழிலுக்குக் கொடுத்துவிட்டால், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைகள் மீது சொல்லாமலே ஒரு நெருக்கடி விழும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. ஐம்பது வருடமாக இந்த வாதம் முடியவில்லை. சட்டங்கள் மட்டும் நாட்டுக்கு நாடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதவை மூன்று. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வென்டிலேட்டரை எடுப்பது எந்த வகைக் கருணைக்கொலையும் அல்ல. உறுப்பு தானத்துக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை அறிவித்துவிட்டால், அவர் இறந்தவர். இரண்டாவது, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் கொடுக்கும் மார்ஃபின். துன்பத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு, தேவைக்கேற்ப அளந்து கொடுத்தால் அது சிகிச்சை. அதன் பக்கவிளைவாக நோயாளியின் மூச்சு சற்று மெலிந்தாலும் அது கொலையாகாது. மூன்றாவது நம் ஊர்க் கதை. தென் மாவட்டங்கள் சிலவற்றில் படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து முடித்துவிடும் தலைக்கூத்தலைச் சிலர் கருணைக்கொலை என்று நாகரிகமாகச் சொல்வதுண்டு. அங்கே மருத்துவரும் இல்லை, பெரியவரின் சம்மதத்தைக் கேட்பாரும் இல்லை. சட்டத்தில் அது வெறும் கொலைதான்.

இந்தியாவில் இந்த விவாதத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது அருணா ஷான்பாக்கின் வழக்கு. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர் அருணா. 1973 நவம்பர் 27 மாலை, அங்கே வேலை செய்த துப்புரவுப் பணியாளர் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி, வன்கொடுமை செய்துவிட்டுப் போனான். மறுநாள் காலைதான் அவரைக் கண்டெடுத்தார்கள். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பெரும் பகுதி கெட்டுப்போயிருந்தது. அதன்பின் 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் படுக்கையிலேயே கிடந்தார். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர்கள் அவரைக் குளிப்பாட்டி, மசித்த உணவை ஊட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருடத்தில் படுக்கைப் புண் வராமல் வைத்திருந்தார்கள் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் வியந்து சொல்லும் விஷயம்.

அருணாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, அவரைச் சாக விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். நீதிமன்றம் அமர்த்திய மூன்று மருத்துவர்கள் அருணாவைச் சோதித்தார்கள். மூளைச்சாவு இல்லை. வென்டிலேட்டர் இல்லை. தானாக மூச்சு விட்டார். விரும்பாத உணவு வந்தால் ஏதோ ஒரு விதத்தில் மறுப்புக் காட்டினார் என்று செவிலியர்கள் சொன்னார்கள்.

அப்படியானால் நிறுத்துவதற்கு அங்கே என்ன இருந்தது? உணவு மட்டும்தான். 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு மனுவைத் தள்ளிவிட்டது. அருணாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்ற கேள்வியில், இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட கேஇஎம் ஊழியர்களுக்குத்தான், விரானிக்கு அல்ல என்றது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில்தான், உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு மறைமுகக் கருணைக்கொலை செய்யலாம் என்ற கதவு இந்தியாவில் முதன்முதலாகத் திறந்தது. தோற்ற வழக்கு ஒன்று சட்டத்தை மாற்றியது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

இந்தப் பிரச்சினையிலேயே மிகச் சிக்கலான இடம் உணவுதான். கையால் ஊட்டுவது பராமரிப்பு. அதை நிறுத்தலாம் என்று யாரும் சொல்வதில்லை. மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் வைத்து உணவு செலுத்தினால்? 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் சிக்கி மூளை சிதைந்த டோனி பிளாண்ட் என்ற இளைஞரின் வழக்கில், குழாய் உணவும் மருத்துவ சிகிச்சையே, பயனில்லாதபோது நிறுத்தலாம் என்று அந்நாட்டின் பிரபுக்கள் சபை 1993இல் தீர்ப்பளித்தது. குழாய் எடுக்கப்பட்டது; அவர் இறந்தார். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். சாப்பாடு போடாமல் விடுவது என்ற நினைப்பே நம் குடும்பங்களில் நெஞ்சை அடைக்கும். அதனால்தான் எழுதி வைப்பவர்கள் இதைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுத வேண்டும் என்கிறேன்.

எழுதி வைப்பது என்றால் லிவிங் வில். வாழும்போதே நடைமுறைக்கு வரும் உயில். சொத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் பேச முடியாத நிலைக்குப் போய்விட்டால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று சுயநினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கும் ஆவணம். 1960களின் இறுதியில் லூயிஸ் குட்னர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் முன்வைத்த யோசனை. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை இந்தியாவில் செல்லும் என்றது. கண்ணியத்தோடு வாழும் உரிமையில் கண்ணியத்தோடு சாவதும் அடங்கும் என்பது அதன் அடிப்படை. லிவிங் வில்லில் “எனக்கு ஊசி போட்டுவிடுங்கள்” என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்பில்லை. மறைமுகக் கருணைக்கொலைக்கு மட்டுமே அது பயன்படும்.

2018இல் வகுத்த நடைமுறை காகிதத்தில் அழகாகவும் நடப்பில் முடியாததாகவும் இருந்தது. உயிலில் குற்றவியல் நடுவர் மேலொப்பம் இட வேண்டும். மருத்துவக் குழுவில் 20 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் வேண்டும். இரண்டாவது குழுவை மாவட்ட ஆட்சியர் அமைக்க வேண்டும். கடைசியில் நடுவர் மருத்துவமனைக்கே வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் இவ்வளவையும் கூட்டிச் சேர்ப்பதற்குள் நோயாளியின் கதை முடிந்துவிடும். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் இதைச் சொல்லி மீண்டும் நீதிமன்றம் போனது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு விதிகளைத் தளர்த்தியது.

இப்போதைய விதி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வயது 72. நாள்பட்ட நுரையீரல் நோய். ஒரு முறை வென்டிலேட்டரில் இருந்து மீண்டு வந்தவர்.

வீட்டுக்கு வந்தபின் தன் மருத்துவரிடம் விசாரிக்கிறார். “அடுத்த வாட்டி வந்தா என்னாகும் டாக்டர்?” “சார், அடுத்த வாட்டி மெஷின்ல இருந்து எடுக்க முடியாமலே போகலாம்.” அதைக் கேட்டபின் எழுத உட்காருகிறார். 18 வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும், வற்புறுத்தல் இல்லாமல், விளைவு தெரிந்து எழுதலாம். ‘மீள வாய்ப்பில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம், வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம், குழாய் உணவும் வேண்டாம், வலியும் மூச்சுத் திணறலும் தெரியாமல் இருக்க மருந்து கொடுங்கள்’ என்று எழுதுகிறார். தன் சார்பில் சம்மதம் சொல்ல மகளையும் தம்பியையும் பெயரிடுகிறார். இதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும் உரிமை தனக்கு உண்டு என்றும் ஒரு வரி. அந்த வரி கட்டாயம்.

கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள். குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களாக இருந்தால் நல்லது. சாட்சிகள் முன்னிலையில் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவர் சான்றிட வேண்டும். பிரதிகள் மகளுக்கு, தம்பிக்கு, குடும்ப மருத்துவருக்கு. இன்னொரு பிரதி உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் பாதுகாவல் அதிகாரிக்கு. மின்னணு மருத்துவப் பதிவு இருந்தால் அதிலும் சேர்க்கலாம்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு மூளையில் பெரிய இரத்தக்கசிவு. ஆம்புலன்ஸில் கொண்டுபோன பதற்றத்தில் தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள். அதில் தவறேதும் இல்லை. என்ன நோய், மீள்வாரா என்று தெரியாத முதல் மணிநேரங்களில் உயிரைக் காப்பதுதான் முறை; லிவிங் வில் அந்த நேரத்துக்கானது அல்ல. ஒரு வாரம் கழித்தும் கண் திறக்கவில்லை. ஸ்கேனில் முன்னேற்றம் இல்லை. மகள் ஆவணத்தை நீட்டுகிறார்.

சிகிச்சை தரும் மருத்துவர் முதலில் அது உண்மையானதா என்று பாதுகாவல் அதிகாரியிடமோ மின்னணுப் பதிவிலோ சரிபார்க்க வேண்டும். பிறகு மருத்துவமனை முதன்மை மருத்துவக் குழுவை அமைக்கும். சிகிச்சை தரும் மருத்துவரும், அந்தத் துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள வேறு இரு நிபுணர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் நோயாளியைப் பார்த்து, மகளிடமும் தம்பியிடமும் பேசி, கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். சிகிச்சையை நிறுத்தலாம் என்று அவர்கள் சொன்னால், இரண்டாம் குழு கூடும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர், முதல் குழுவில் இல்லாத நிபுணர்கள் இருவர். அவர்களுக்கும் 48 மணி நேரம். அவர்களும் ஒத்துக்கொண்டு, பெயரிடப்பட்ட இருவரும் சம்மதித்தால், குற்றவியல் நடுவருக்கு மருத்துவமனை முடிவைத் தெரிவித்துவிட்டு நிறைவேற்றலாம். நடுவர் வந்து பார்க்க வேண்டியதில்லை. அனுமதி தர வேண்டியதும் இல்லை. தகவல் போனால் போதும்.

இதன்பின் நடப்பதைச் சட்டம் எழுதவில்லை, மருத்துவம் எழுதியிருக்கிறது. வென்டிலேட்டரை நிறுத்துவதற்கு முன்பே மூச்சுத் திணறல் தெரியாதபடி மார்ஃபினும் மயக்கம் தரும் மருந்தும் கொடுக்கத் தொடங்குவார்கள். எச்சில் திரண்டு தொண்டையில் கரகரக்கும் சத்தம் குடும்பத்தைக் கலங்கடிக்கும். அதைக் குறைக்கவும் மருந்து உண்டு. அலாரங்களை அணைத்துவிடுவார்கள். குழாய் எடுத்தபின் சிலர் நிமிடங்களில் இறப்பார்கள், சிலர் நாள்கணக்கில் இருப்பார்கள். ஆசிரியர் மகளிடம் டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், இரண்டாம் நாளும் மூச்சு ஓடுவதைப் பார்த்து, ‘பொழைச்சிருப்பாரோ, அவசரப்பட்டுட்டோமோ’ என்று அந்தக் குடும்பம் வாழ்நாளெல்லாம் நோகும்.

குழுக்கள் மறுத்தால்? மகளும் தம்பியும் உயர் நீதிமன்றம் போகலாம். தலைமை நீதிபதி அமைக்கும் இருவர் அமர்வு, தேவைப்பட்டால் தனியாக மூன்று மருத்துவர்களைக் கொண்டு சோதித்து முடிவெடுக்கும்.

எதுவும் எழுதி வைக்காதவர்களுக்கும் இதே இரண்டு குழு, இதே நடைமுறைதான். நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம். ஆகவே முதல் பத்தியில் கையெழுத்துப் போட்ட அந்த மூத்த மகனுக்கும் இந்த வழி திறந்தே இருந்தது. ஆம்புலன்ஸ் தேவைப்பட்டிருக்காது, அப்பாவுக்கு மார்ஃபின் கிடைத்திருக்கும். டாக்டருக்கு விதி தெரியவில்லை, அல்லது குழு அமைக்க மருத்துவமனை முன்வரவில்லை. நடைமுறையில் தடை பெரும்பாலும் இங்கேதான். தங்களிடம் இப்படிக் குழு அமைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று மருத்துவமனையிடம் நேராகக் கேட்டுவிடலாம். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஆவணம் இருந்தும் பயன்படாமல் போவது வேறு காரணங்களால். பேங்க் லாக்கரில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஐசியூவில் அதனால் என்ன பயன்? ‘மெஷின் எதுவும் வேண்டாம்’ என்று ஒரே வரி எழுதியிருப்பார்கள். குணமாகக்கூடிய நிமோனியாவுக்கு இரண்டு நாள் வென்டிலேட்டர் வைத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் அந்த வரி எதைச் சொல்கிறது? தெளிவில்லாத உயிலை மருத்துவர் நடைமுறைப்படுத்த முடியாது. எழுதாதவருக்கு உள்ள விதியின்படியே போவார். மூன்று பிள்ளைகளையும் மனம் நோகக் கூடாதென்று பெயரிட்டுவிட்டு, அவர்களோடு பேசாமலே விட்டிருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளை போனில் “நான் வர்ற வரைக்கும் எதையும் எடுக்காதீங்க” என்றால் எல்லாம் நின்றுவிடும். என் கருத்தில், எழுதிய வாசகத்தைவிட எழுதுமுன் அந்தப் பெயர்க்காரர்களோடு நடந்த பேச்சுதான் ஐசியூவில் கைகொடுக்கும்.

பாதுகாவல் அதிகாரி விஷயத்தில் மாநிலங்கள் ஒரே வேகத்தில் இல்லை. கோவாவில் 2024 மே 31 அன்று மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் தன் லிவிங் வில்லைப் பதிவு செய்தார். அந்த மாநிலத்தில் அதுவே முதல் பதிவு. கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி 30 அன்று, மருத்துவக் குழுக்கள் அமைப்பது குறித்துச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ யாரிடம் பிரதி கொடுப்பது என்று கேட்டால் உடனே பதில் வராமல் போகலாம். ஒப்புகைச் சீட்டோடு எழுத்துமூலமாகக் கொடுத்து வைப்பது நல்லது.

மனம் மாறினால் ரத்து செய்ய நோட்டரியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எழுத்தில் தெரிவித்தால் போதும். ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். புதிதாக எழுதியவர், பழையதின் பிரதி யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமிருந்தெல்லாம் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட வேண்டும். மகள் கையில் புதியதும் குடும்ப மருத்துவர் ஃபைலில் பழையதும் இருந்தால், எது செல்லும் என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் 48 மணி நேரம் போய்விடும்.